உள்ளங்கை வியர்வைக்குத் தண்ணீர்த் தட்டு மின்சார சிகிச்சை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எனக்குப் பத்திரம் எழுதும் தொழில். காகிதத்தின் மேல் ஈரக் கை படக் கூடாது, ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே என் உள்ளங்கை சொட்டும். அப்பாவுக்கும் அப்படித்தான். கைக்கடியில் ஒட்டுத்தாள் வைத்து எழுதுவது, மேசை டிராயரில் இரண்டு துண்டு வைத்துக்கொள்வது, கைரேகைக் கருவி ஏற்காதபோது சட்டையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பது என்று எல்லாமே பழகிப்போயிருந்தது. இதற்குச் சிகிச்சை உண்டு என்பதே எனக்குத் தெரிய முப்பது வயது தாண்டிவிட்டது.

தோல் மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "தூங்கும்போது வியர்க்கிறதா?" இல்லை என்றேன். இரண்டு கையிலும் ஒரே மாதிரியா, சின்ன வயதிலேயே ஆரம்பித்ததா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று விசாரித்துவிட்டு, தைராய்டும் சர்க்கரையும் மட்டும் பார்க்கச் சொன்னார். நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தேவைக்கு மேல் தூண்டுவதுதான் காரணம், சுரப்பியில் கோளாறு எதுவும் இல்லை என்று விளக்கினார். நடுவயதில் திடீரென்று ஆரம்பித்தாலோ, இரவில் உடம்பு முழுக்க நனைந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ அது வேறு சமாச்சாரம். அப்போது அடியில் இருக்கும் நோயைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஆரம்பத்தில் 20 சதவீத அலுமினியம் குளோரைடு திரவம் எழுதிக் கொடுத்தார். இரவு படுக்கும்போது பூசி, காலையில் கழுவ வேண்டும். கை முழுக்க உலர்ந்திருக்கும்போதுதான் பூச வேண்டும். ஈரத்தில் பூசினால் அது தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகி எரியும். வியர்க்கும் கையை எப்படி உலர வைப்பது என்று கேட்கலாம். தூக்கம் வரும் நேரத்தில் வியர்வை தானாகவே குறைந்துவிடும், அதனால்தான் இரவில் பூசச் சொல்கிறார்கள். அக்குளுக்கு இது நன்றாகக் கேட்கும். உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் எனக்குப் பாதிப் பலன்தான், அரிப்பு மட்டும் முழுசாக வந்தது.

அதற்கடுத்துதான் அயன்டோபோரசிஸ். இரண்டு தட்டுகளில் குழாய்த் தண்ணீர், ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உலோகத் தகடு, தகட்டின் மேல் ஸ்பாஞ்சோ வலையோ. ஒரு தட்டில் ஒரு கை, மற்றதில் இன்னொரு கை. மணிக்கட்டு மூழ்க வேண்டியதில்லை, உள்ளங்கை நனைந்தால் போதும். கருவி 15 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை நேர்மின்சாரத்தைத் தண்ணீர் வழியாகக் கைக்குள் அனுப்புகிறது. ஒரு தடவைக்கு 20 முதல் 30 நிமிடம், பாதி நேரம் ஆனதும் பிளஸ், மைனஸை மாற்றிவிட வேண்டும். பிளஸ் பக்கத்துக் கை சீக்கிரம் காயும், மாற்றாமல் விட்டால் ஒரு கை மட்டும் காய்ந்து நிற்கும். இது எப்படி வேலை செய்கிறது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் போய் வந்தேன். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரக் கடைசியில் ஒருநாள் பேனா வழுக்கவில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. மூன்றாவது வாரத்தில் கை நிஜமாகவே காய்ந்தது. அப்புறம் வீட்டுக்கே ஒரு கருவி வாங்கிவிட்டேன், ஏனென்றால் இதை நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் பழையபடி ஈரம் வந்துவிடும். இப்போது வாரம் ஒருமுறை போதுமானதாக இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மட்டும் இரண்டாகும்.

வீட்டில் ஆரம்பித்த புதிதில் ஒரு விசித்திரம். குமிழை எவ்வளவு திருகினாலும் மீட்டர் 3 மில்லி ஆம்பியரைத் தாண்டவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று விற்றவரைக் கூப்பிட்டால், "என்ன தண்ணீர் ஊத்துறீங்க?" என்றார். ஆர்.ஓ. தண்ணீர். அதில் உப்புகளெல்லாம் வடிகட்டப்பட்டிருப்பதால் மின்சாரம் கடக்க வழியில்லை. போர் தண்ணீரை ஊற்றியதும் மீட்டர் ஒழுங்காக ஏறியது. கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் கிடைக்காதவர்கள் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் சொல்கிறேன், மில்லி ஆம்பியர் காட்டாத கருவியை வாங்காதீர்கள். கையில் போவது எவ்வளவு என்று தெரியாமல் பலனையும் கணிக்க முடியாது, சூட்டையும் கட்டுப்படுத்த முடியாது.

மின்சாரம் போகும்போது கையில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் தொடும் ஓரத்தில் சுருக்கென்று குத்தும். சின்ன வெட்டு, நகக்கண் கீறல் இருந்தால் அங்கே வாசலின் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லா மின்சாரமும் அந்த இடத்திலேயே குவிந்து எரிக்கும். மோதிரம், வளையல் கழற்றியாக வேண்டும். ஓடும்போது கையைச் சட்டென்று வெளியே எடுத்தால் ஷாக் அடித்தது போலத் தூக்கிப் போடும். இரண்டு கையும் தண்ணீரில் இருக்க, குமிழைத் திருக மூன்றாவது கைக்கு எங்கே போவது? என் வீட்டில் அது மனைவியின் வேலை. தானாக ஏறி இறங்கும் கருவிகளும் இப்போது கிடைக்கின்றன. முடிந்ததும் கை வறண்டு வெடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய்.

மின்சாரம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மார்பு வழியாகத்தான் போகிறது. எனவே பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள், உடம்பில் உலோகத் தகடு வைத்தவர்கள் இதைத் தொடக் கூடாது. போன் சார்ஜரை வெட்டித் தட்டில் விடும் வீடியோக்களைப் பார்த்துச் செய்வதும் வேண்டவே வேண்டாம். வீட்டு மின்சாரத்தோடு இணைந்த எதிலும் உள்ளே காப்பு ஒருமுறை விட்டால் போதும், ஆளே போய்விடலாம்.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. கிளைகோபைரோலேட் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி கல்யாணம், முகூர்த்தம் மாதிரி நாட்களில் மட்டும் போடுகிறேன். கை காயும், வாயும் நாக்கு ஒட்டுகிற அளவுக்குக் காயும். உடம்பு முழுக்க வியர்வையைக் குறைப்பதால் வெயிலில் அலையும் நாளில் போடக் கூடாது, உடம்புச் சூடு வெளியேறாது. கண் அழுத்தமோ சிறுநீர் அடைப்போ இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போடாக்ஸ் ஊசி நான்கைந்து மாதம் தாங்கும் என்றார்கள். உள்ளங்கையில் பல குத்துகள், கூடவே விரல் பிடியில் தற்காலிகமாகக் கொஞ்சம் பலவீனம் வரலாம் என்றதும், பேனா பிடிக்கிற எனக்கு அது ஒத்துவராது என்று விட்டேன். மார்புக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட நண்பர் ஒருவருக்குக் கை சுத்தமாக உலர்ந்துவிட்டது. ஆனால் முதுகும் வயிறும் இப்போது சட்டை மாற்றும் அளவுக்கு நனைகின்றன. கையில் அடைக்கும் வியர்வை வேறு இடத்தில் கிளம்புவது அந்த அறுவையில் அடிக்கடி நடப்பதுதான், வெட்டியதைத் திரும்பச் சேர்ப்பதும் நம்பத்தக்க வழி இல்லை. பாதத்துக்கு அது பெரிய பலன் தராது.

பாதத்துக்கு நான் அதே தட்டைத்தான் தரையில் வைத்துப் பயன்படுத்துகிறேன். கையை விடப் பாதம் மெதுவாகக் கேட்கும், ஒரு வாரம் கூடுதலாகப் பொறுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் குதிகாலில் ஊசி குத்தியது போன்ற சின்னச் சின்னக் குழிகளும் பொறுக்க முடியாத வாடையும் இருந்தன. பித்தவெடிப்பு என்று நினைத்திருந்தது, ஈரத் தோலில் வளரும் பாக்டீரியாவின் வேலை என்று பிறகு தெரிந்தது. மருத்துவர் தந்த கிளிண்டமைசின் லோஷனில் சில வாரத்தில் குழிகள் மறைந்தன. பருத்திச் சாக்ஸை மதியம் மாற்றுவது, ஒரே ஷூவை அடுத்தடுத்த நாள் போடாமல் ஒருநாள் வெயிலில் காய விடுவது, இந்த இரண்டையும் மட்டும் இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறேன்.