மூன்று மாத சுகர் டெஸ்டா, ஃப்ரக்டோசமைனா?

மூன்று மாத சுகர் டெஸ்ட் என்று சொல்லப்படும் ஹெச்பிஏ1சி, ஃப்ரக்டோசமைன் இரண்டுக்கும் வெறும் வயிறு வேண்டாம். இரண்டிலும் நடக்கும் வேதியியலும் ஒன்றுதான். ரத்தத்தில் உள்ள குளுக்கோஸில் மிகச் சிறு பங்கு வளையம் திறந்து ஆல்டிஹைடாக இருக்கும். அது புரதத்தின் அமினோ முனையில் ஒட்டி, முதலில் ஷிஃப் பேஸ் ஆகிறது. இது சில மணி நேரத்திலேயே பிரிந்துவிடக்கூடிய ஒட்டு. பிரியாமல் தங்குவது மட்டும் அமடோரி மாற்றத்தால் கீட்டோஅமைனாகிறது. பிறகு அந்தப் புரதம் அழியும்வரை சர்க்கரை விலகாது. என்சைம் எதுவும் இதில் தலையிடாததால், எவ்வளவு ஒட்டும் என்பதைச் சர்க்கரையின் அளவும் கடந்த நாட்களுமே பெரிதும் தீர்மானிக்கின்றன.

ஹெச்பிஏ1சி என்பது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி முனையிலுள்ள வாலினில் ஒட்டிய சர்க்கரை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ‘மூன்று மாத சராசரி’ என்கிறோம். ஆனால் அது சமமான சராசரி அல்ல. கிட்டத்தட்ட பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்கு. ஃப்ரக்டோசமைன், சீரத்தில் உள்ள புரதங்களில், முக்கியமாக ஆல்புமினில், ஒட்டியதை அளக்கிறது. ஆல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள். ஆகவே இது சொல்வது இரண்டு, மூன்று வாரக் கதை.

பெரும்பாலானோருக்கு ஹெச்பிஏ1சி போதும். சிக்கல் சிவப்பணுவின் வயது மாறும்போதுதான். உதாரணமாக, மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8, ஹெச்பிஏ1சி 6.9 என்று வருகிறது. ஹெச்பிஏ1சியைச் சராசரி சர்க்கரையாக மாற்றும் சூத்திரத்தில் 28.7 × 6.9 − 46.7 என்று போட்டால் சுமார் 151. ஆனால் வீட்டில் குளுக்கோமீட்டர் காட்டுவதோ வெறும் வயிற்றில் 98, சாப்பிட்ட பிறகு 130. இரும்புச்சத்துக் குறைவில் புது அணுக்கள் வரத்துக் குறைந்து, பழையவையே அதிகம் சுற்றுவதால் எண் ஏறிக் காட்டுகிறது. இதே ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரை தொடங்குவது அவசரம். ஃப்ரக்டோசமைன் 245 (பல லேப்களில் இயல்பு 200–285) என்று வந்தால் மீட்டரின் பக்கம்தான் நியாயம்.

இரும்பு மாத்திரை தொடங்கியதும் புது அணுக்கள் பெருகும். உணவு, மருந்து எதுவும் மாறாமலே ஹெச்பிஏ1சி இறங்கும். அதைச் ‘சுகர் குறைந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும் சிவப்பணு சீக்கிரம் உடையும் நோய் உள்ளவருக்கும் இந்த எண்ணை நம்ப முடியாது.

அதற்காக எல்லோரும் ஃப்ரக்டோசமைனுக்கு மாற வேண்டியதில்லை. சிறுநீரில் புரதம் கொட்டுபவருக்கு ஆல்புமின் சீக்கிரமே வெளியேறுவதால், ஒட்ட நேரமில்லாமல் எண் பொய்யாகத் தாழும். கல்லீரல் சுருங்கி ஆல்புமின் குறைந்தவரிடமும் இதை நம்ப முடியாது. சிறுநீரகக் கோளாறும் ரத்தசோகையும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் விரல் நுனியில் குத்திப் பார்த்த அளவுகளை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போவதே மேல்.