மிக்ஸி 1,299 ரூபாய்க்கு என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் தங்கை போன மாதம் ஏமாந்தாள். நேரு வீதிக் கடைகளில் 7,000 ரூபாய்க்கு மேல் விற்கும் பிரபல கம்பெனி மிக்ஸி, 'குடோன் காலி செய்கிறோம்' என்று ஃபேஸ்புக்கில் 1,299க்கு வந்தது. கம்பெனியின் லோகோ, படங்கள், முகவரிப் பட்டியில் பூட்டுக் குறி எல்லாம் இருந்தன. பூட்டுக் குறி இருந்தால் நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் எட்டிப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். கடைக்காரன் யோக்கியன் என்று அது சொல்வதில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாகவே அதை வாங்கிவிடலாம்.

பொருள் வந்தபின் பணம் தரும் வசதி அங்கே இல்லை. க்யூஆர் கோடு மட்டும்தான். ஸ்கேன் செய்ததும் யுபிஐ செயலியில் பணம் பெறுபவர் பெயர் வரும் அல்லவா, அதில் மிக்ஸி கம்பெனி பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது. பின் நம்பர் போடும் முன் கண்ணில் படுகிற கடைசி எச்சரிக்கை அதுதான். ஆனால் பக்கத்திலேயே 'இன்னும் 4 நிமிடம்' என்று கடிகாரம் ஓடினால் யார் நின்று படிப்பார்கள்? அவசரப்படுத்தத்தானே அதை வைத்திருக்கிறான்!

மிக்ஸி வரவே இல்லை. அப்புறம் உட்கார்ந்து அந்தத் தளத்தைத் துருவினேன். அடியில் சென்னை முகவரி போட்டிருந்தான், ஜிஎஸ்டி எண்ணோ 27ல் தொடங்கியது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தின் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, மகாராஷ்டிராவுக்கு 27. வேறு மாநிலத்தில் பதிந்த கம்பெனியாகவும் இருக்கலாமே என்று ஜிஎஸ்டி தளத்தில் 'Search Taxpayer' பகுதியில் அந்த எண்ணைப் போட்டேன். சம்பந்தமே இல்லாத ஒரு துணி வியாபாரியின் பெயர் வந்தது. பாவம், அவர் எண்ணைத் திருடி ஒட்டியிருக்கிறான். 15 இலக்கமும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

'15 வருட அனுபவம்' என்றும் எழுதியிருந்தான். ஓர் இணைய முகவரி எப்போது பதிவானது என்று காட்டும் whois தேடலில் 'Creation Date' பார்த்தால், அந்தத் தளத்தின் முகவரி பதிவாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய இணைய முகவரி என்பதாலேயே நல்ல கடை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இப்படிப் பொய் வெளிப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். யுபிஐ ரசீதில் உள்ள 12 இலக்க எண்ணைக் கையில் வைத்திருங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு உண்டு. தங்கை 'இன்று வரும், நாளை வரும்' என்று பார்சலுக்குக் காத்திருந்த நாட்களில் அந்தக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.