குன்னூரில் ஒரு பட்டுச் சேலையும் மூன்று வரி விளம்பரமும்

அண்ணன் மகள் கல்யாணத்துக்காக டொரண்டோவிலிருந்து குன்னூர் வந்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. நான் எழுத வந்தது சேலையைப் பற்றி.

மறுநாள் அண்ணி வாட்ஸப்பில் ஒரு படத்தைக் காட்டினாள். அடுக்கி வைத்த துணிகள், கீழே மூன்று வரி: "பிக்கப் காலை 7–9, மாலை 6–8. சாதா சலவை 24 மணி, டிரை கிளீனிங் 72 மணி. சேதத்துக்குக் கட்டணத்தின் 10 மடங்கு வரை பொறுப்பு." குன்னூரில் இதெல்லாம் வந்துவிட்டதா என்று பூரித்துப்போனேன். எங்கள் காலத்தில் அம்மா நோட்டில் வேட்டி இரண்டு, சேலை மூன்று என்று எழுதி மூட்டை கட்டிக் கொடுப்பாள். துணி எப்போது திரும்பும் என்பது மழைக்கும் சலவைக்காரருக்கும் நடுவில் உள்ள விஷயம்.

மாலை 6 முதல் 8 வரையிலான நேரத்தைக் கேட்டேன். பையன் ஏழு மணிக்கு வந்தான். நவம்பர் மாதம், வெளியே மஞ்சு, கரண்டும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் என் சந்தனக் கலர் பட்டைப் புரட்டிப் பார்த்து, ரசீதில் "கறை: இல்லை" என்று டிக் போட்டான். நானும் கையெழுத்துப் போட்டேன். கட்டணம் 350 ரூபாய். டொரண்டோவில் சலவைக் கடை கவுண்டரில் இருக்கும் அம்மா "ஏதாவது சிந்திச்சா?" என்று கேட்டு, அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவாள். எத்தனை முறை எரிச்சல்பட்டிருக்கிறேன் அந்தக் கேள்விக்கு!

72 மணி நேரம் ஐந்து நாளானது. டிரை கிளீனிங் மெஷின் குன்னூரில் இல்லையாம், மேட்டுப்பாளையத்துக்கு அனுப்புகிறார்கள். மலைப்பாதையில் மரம் விழுந்ததால் வண்டி கோத்தகிரி வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. மழைக்காலத்தில் அது சகஜம்தான். ஆனால் அந்த மூன்று வரியில் மலை இறங்கி ஏறும் சங்கதி இல்லையே.

சேலையைப் பிரித்தால் முந்தானைக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு வளையம். ஓரம் அடர்த்தியாகவும் நடு வெளிறியும், டீ கோப்பையை வைத்து எடுத்த மாதிரி. சேலையின் விலை 28,000 ரூபாய். கடைக்கு நடந்தே போனேன், வழியெல்லாம் திட்டு ஒத்திகை.

கடையில் வயதான மாஸ்டர் ஒருவர் சேலையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துல லெமன் சோடா குடிச்சீங்களாம்மா?" என்றார். குடித்தேன்தான். யாரோ இடித்ததில் கொஞ்சம் சிந்தியது. காய்ந்ததும் ஒன்றும் தெரியவில்லை, மறந்தும் போனேன்.

அவர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் கற்றுக்கொண்டது. டிரை கிளீனிங்கில் தண்ணீர் கிடையாது, ஒருவகை எண்ணெய்க் கரைப்பானில் துணியை அலசுகிறார்கள். அதில் நெய்க்கறை, தலையெண்ணெய் எல்லாம் போய்விடும். சர்க்கரை கரையாது. சோடா, இளநீர் போன்றவற்றின் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் இழையிலேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் உலர்த்தும்போதும் இஸ்திரி போடும்போதும் சூடுபட்டு, வாணலியில் சர்க்கரை காய்வதுபோலப் பழுப்பாகிவிடும். பிக்கப்பிலேயே சொல்லியிருந்தால், கரைப்பானில் போடும் முன் அந்த இடத்தை மட்டும் தண்ணீரால் ஒற்றி எடுத்திருப்பார்களாம்.

"அப்போ பத்து மடங்கு?" என்றேன். ரசீதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்துப் பொடி எழுத்தில், முன்பே பட்டிருந்து பிறகு வெளிப்படும் கறைக்கும் ஜரிகை கறுப்பதற்கும் பொறுப்பில்லை என்று இருந்தது. பத்து மடங்கு என்பது துணி கிழிந்தாலோ தொலைந்தாலோதான். அப்படியே கொடுத்தாலும் 3,500 ரூபாய். அது சலவைக் கட்டணத்தின் மடங்கு, சேலை விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கனடாவிலும் ரசீதின் பின்பக்கம் இதே மாதிரி விதிகள்தான், நியாயமாகச் சொன்னால். ஆனால் அங்கே கேள்வியாவது கேட்டிருப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் "கறை இல்லை" என்று எழுதியதற்கு என்ன பதில் என்றேன். மாஸ்டர் பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான்.

சண்டை அத்தோடு வடிந்தது. மாஸ்டர் கறைக்கு அடியில் வெள்ளைத் துணியை வைத்து, ஈரப் பஞ்சால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினார். தேய்க்கவே இல்லை. ஈரத்தோடு தேய்த்தால் பட்டிழை பிசிறிவிடுமாம். ஜரிகைப் பக்கம் போகாமல் முக்கால் மணி நேரம் ஒற்றியதில் வளையம் வெளிறியது, முழுசாகப் போகவில்லை. சூடு பட்டது இவ்வளவுதான் போகும் என்றார். காசு வாங்கவில்லை.

மிச்சத் துணிகளைக் காலை 7 மணிக்கு வரச்சொல்லிக் கொடுத்தேன். கேட்டருகே வெயிலில் ஒவ்வொரு மடிப்பாய்ப் பிரித்து, "இங்க பாயசம், இங்க ஜூஸ்" என்று எழுதவைத்தேன். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே எழுதிய பையன், "அக்கா, இன்னும் நாலு வீடு இருக்குங்க" என்றான்.