காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம்

ஆன்லைனில் சேல் போட்டதும் தோழி கேட்டாள்: "ஃபவுண்டேஷன்ல லிக்விட், ஸ்டிக், பவுடர், சீரம்னு நாலு இருக்கே, நான் எதைடீ வாங்கட்டும்?" எங்கள் வீட்டில் நாலும் இருக்கிறது, பூசிப் பார்க்க மூன்று விதமான முகமும் இருக்கிறது. எனக்கு எண்ணெய் வழிகிற சருமம். அக்காவுக்கு எப்போதும் வறட்சி. அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தோழிக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இது.

முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நான் தினமும் போடுவது லிக்விட். பருத் தழும்பை மறைப்பதில் இதற்கு நிகர் இல்லை. இரண்டு சொட்டை ஈர ஸ்பாஞ்சில் எடுத்து ஒற்றினால் முகம் முழுக்க ஒரே சீராக வந்துவிடும். காலை எட்டு மணிக்குக் கண்ணாடியில் பார்த்தால் என் நிறம்தான். பதினோரு மணிக்கு ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தால் முகம் மட்டும் ஒரு ஷேடு கறுத்து, செம்மண் சாயல் ஏறி, கழுத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் நிற்கும். சென்னை வெயிலில் பஸ் ஏறி இறங்கினால் அந்த மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

"ஆக்ஸிடைஸ் ஆயிடுச்சு" என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுக்கும் மஞ்சள், சிவப்பு, கறுப்புப் பொடிகள் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடுகள். ஏற்கெனவே ஆக்ஸைடாக இருப்பது முகத்தில் வந்து புதிதாகத் துருப்பிடிக்காது. நடப்பது வேறு. பூசிய கொஞ்ச நேரத்தில் லிக்விடில் உள்ள தண்ணீரும் ஆவியாகக்கூடிய சிலிக்கோனும் போய்விடும்; நிறப்பொடி மட்டும் நெருங்கிப் படியும். அதற்குமேல் நம் எண்ணெய் சுரந்து பொடியை நனைக்கும். நனைந்த துணி அடர்நிறமாகத் தெரிவது போலத்தான் இதுவும்.

எந்தக் காரணம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு கோடு இழுங்கள், தாடையோரம் கழுத்தை ஒட்டி இன்னொன்று. அரை மணி கழித்து இரண்டின் பக்கத்திலும் புதிதாக ஒரு கோடு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். தட்டிலேயே பழைய கோடு கறுத்திருந்தால் அது காய்ந்து வருகிற நிறம். அதுதான் அந்தப் பாட்டிலின் உண்மையான ஷேடு, அதை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். தட்டில் மாறாமல் தாடையில் மட்டும், அதுவும் மூன்று நான்கு மணி நேரம் போனபின் மாறினால் காரணம் நம் எண்ணெய்தான். அதற்கு ஷேடு மாற்றிப் பயன் குறைவு. அடியில் போடும் மாய்ஸ்சரைசரைக் குறைத்து, மூக்கோரத்திலும் நெற்றியிலும் லேசாகப் பவுடர் தட்டினால் கொஞ்சம் தள்ளிப்போகும். தள்ளிப்போகுமே தவிர நிற்காது. என் பாட்டிலில் இரண்டும் நடக்கிறது. கடைக்காரர்கள் கையின் பின்புறத்தில் ஒரு சொட்டு வைத்து "மேட்ச் ஆகுது மேடம்" என்பார்களே, அதில் இது ஒன்றும் தெரியாது. கையில் எண்ணெய் ஏது?

எண்ணெய்ச் சருமத்துக்கு நியாயமாக நான் சொல்ல வேண்டியது பவுடர் ஃபவுண்டேஷன். டால்க், மைக்கா, சிலிக்கா எல்லாம் எண்ணெயை இழுத்துக்கொள்ளும்; காலையில் போட்டு மதியம் ஒருமுறை தொட்டால் போதும். ஆனால் வியர்த்த முகத்தின்மேல் நேராக அப்பினால் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் டிஷ்யூவால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. இன்னொன்று, முகத்து எண்ணெய் ஸ்பாஞ்ச் வழியாகத் திரும்பிப் போய், டப்பாவில் பவுடரின் மேல் மொழுமொழுவென்று ஒரு ஏடு கட்டும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் வராது. செலோடேப்பை ஒட்டி உரித்தால் ஏடு வந்துவிடும். ஸ்பாஞ்சையும் சோப்புப் போட்டு அலசிக் காயவிடுங்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெளிறிய ஷேடை வாங்கினால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும், அதில் மட்டும் ஜாக்கிரதை.

சீரம் ஃபவுண்டேஷன் அக்காவுடையது. பூசியதே தெரியாத அளவுக்கு லேசு, தோல் தோலாகவே தெரியும். நாலில் பார்க்க அழகு இதுதான் என்று சத்தியம் செய்வேன். ஆனால் நிறப்பொடி அடியில் தங்கிவிடும். குலுக்காமல் டிராப்பரில் எடுத்தால் முதல் வாரம் வெறும் தண்ணி, கடைசி வாரம் சேறு. அக்காவுக்கு இது மத்தியானமே கன்னத்தில் செதில் செதிலாக எழும்பியது, அதுவும் ஏசி அறையில். பாட்டிலின் பின்பக்கம் பார்த்தால் காரணம் இருந்தது: பட்டியலின் தொடக்கத்திலேயே சைக்ளோபென்டாசிலோக்சேனும் ஆல்கஹாலும். இரண்டும் பூசும்போது வழுக்கிக்கொண்டு போகும், பிறகு ஆவியாகிவிடும். தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிற வேலையை இவை செய்யாது. வறண்ட சருமக்காரர்கள் கிளிசரின் மேலே வருகிறதா என்று பார்த்து வாங்கட்டும். அக்கா இப்போது முகம் கழுவிய ஈரத்தோடு கிரீம் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அதன்மேல் போடுகிறாள். செதில் நின்றுவிட்டது. (எஸ்பிஎஃப் என்று போட்டிருப்பதை நம்பி சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். அந்த எண் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்தது. ஃபவுண்டேஷனை யாரும் அவ்வளவு அப்புவதில்லை.)

ஸ்டிக்கை நான் வெறுத்தேன் என்றே சொல்லலாம். மெழுகும் எண்ணெயும்தான் அது. என் முகத்தில் ஒரு மணி நேரத்தில் நழுவும். சித்திரை வெயிலில் பீரோவுக்குள்ளேயே அதன் தலையில் எண்ணெய்த்துளி முத்துமுத்தாக வியர்த்து நின்றது. அதே குச்சி அம்மா முகத்தில் வேறு ஆளாக மாறிவிட்டது. சித்தி மகள் ரிசப்ஷனுக்கு முதலில் பவுடர்தான் போட்டுவிட்டேன். கண்ணுக்குக் கீழே இருந்த மெல்லிய கோடெல்லாம் வெள்ளையாக எழுந்து நின்றது. "இதுக்கு முகத்தைக் கழுவிட்டே போயிருக்கலாம்டி" என்றார் அம்மா. கழுவி, கிரீம் போட்டு, ஸ்டிக்கை முகத்தில் இழுக்காமல் என் புறங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மோதிர விரலால் மூக்கோரத்திலும் கன்னத்துக் கரும்பட்டையிலும் மட்டும் ஒற்றினேன். கண்ணுக்குக் கீழே விரலில் மிச்சம் ஒட்டியிருந்ததுதான். சிரிக்கச் சொல்லி, கோட்டில் தங்கியதை வெறும் விரலால் அழுத்தி எடுத்தேன். பவுடரை மூக்கு நுனியில் மட்டும் தட்டினேன். சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் அப்படியே இருந்தது. வயதான தோலில் எண்ணெய் குறைவு, ஸ்டிக்கில் இருப்பதோ எண்ணெய், அதுதான் விஷயம். முகம் முழுக்க இழுத்திருந்தால் இதுவும் கோடுகளில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஆக தோழிக்கு: உன் முகமும் என் ரகம்தான், பவுடரை வாங்கு. அம்மாவுக்கென்றால் ஸ்டிக். சீரம், கையில் காசும் குலுக்கப் பொறுமையும் இருந்தால்.

லிக்விடுக்கு என் மார்க் ஐந்துக்கு இரண்டு. மூன்று தரலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், இன்றைக்கு மீட்டிங்கில் பக்கத்து சீட்காரி "என்ன, வெயில்ல அலைஞ்சியா?" என்று கேட்டுவிட்டாள். ஆனால் விலை குறைந்திருக்கிறதே என்று அதையேதான் மறுபடி ஆர்டர் போட்டிருக்கிறேன், ஒரு ஷேடு வெளுப்பாக. காலை பஸ்ஸில் மாவு பூசின மாதிரி இருக்கும், தெரியும்.