நாலு பேர் அணிக்கு மோனோலித்தா, மைக்ரோசர்வீஸா?

இன்டர்வியூவின் ஆர்க்கிடெக்சர் ரவுண்டில் கேள்வி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: நான்கு டெவலப்பர்கள், ஒரு ஆன்லைன் கடை, அதில் ஆர்டர், ஸ்டாக், பில். எல்லாம் ஒரே அப்ளிகேஷனாக ஓடும் மோனோலித்தா, ஒவ்வொரு பகுதியும் தனி சர்வீஸாக ஓடும் மைக்ரோசர்வீஸா, எதைத் தேர்வீர்கள்?

தரவு ஒத்துப்போவது

மோனோலித்: ஆர்டரைப் பதிவதும் ஸ்டாக்கைக் குறைப்பதும் ஒரே டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷன். நடுவில் பிழை வந்தால் `ROLLBACK`, இரண்டுமே நடக்கவில்லை என்றாகிவிடும்.

மைக்ரோசர்வீஸ்: இரண்டு டேட்டாபேஸ். ஸ்டாக் குறைந்தபின் ஆர்டர் பதிவாகாமல் போனால், குறைத்ததைத் திரும்பக் கூட்டும் கோட் நாம்தான் எழுத வேண்டும். டைம்அவுட் இன்னும் மோசம். பதில் வரவில்லை என்று மறுபடி அனுப்புவோம். முதல் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறியிருந்தால் ஸ்டாக் இரண்டு முறை குறையும். அதைத் தடுக்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் புறக்கணிக்க வேண்டும்.

டிப்ளாய்

மோனோலித்: சின்னத் திருத்தத்துக்கும் முழு அப்ளிகேஷனும் டிப்ளாய் ஆக வேண்டும்.

மைக்ரோசர்வீஸ்: தனித்தனியாகப் போகலாம். நால்வரும் எல்லாப் பகுதியையும் தொடுகிறார்கள் என்றால் அந்தச் சுதந்திரம் யாருக்கு?

லோடு

மோனோலித்தையும் பல பிரதிகளாக ஓட்டலாம். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

நான் சொல்லும் பதில்: மோனோலித், ஆனால் ஒரு மாட்யூல் இன்னொன்றின் டேபிளை நேரடியாகத் தொடக்கூடாது. பில் பிடிஎஃப் உருவாக்குவது சிபியூவைத் தின்றால் அதை மட்டும் க்யூ வழியாகத் தனியே பிரிக்கலாம். கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. அணிகள் பலவாகி, ஒன்றின் ரிலீஸுக்கு இன்னொன்று காத்திருக்கத் தொடங்கினால், அப்புறம் மைக்ரோசர்வீஸ் பேசலாம்.