15ஆம் நாள் டெஸ்ட்: நேரத்தைக் கூட்டுவதா, முறையை மாற்றுவதா?

குரூப் 4-க்குப் படிப்பவர் ஒருவர் தினமும் 3 மணி நேரம் ஒதுக்கிப் படிக்கிறார். சமச்சீர் புத்தகத்தில் குடிமையியல் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு தடவை வாசித்து, முக்கிய வரிகளுக்கு ஹைலைட்டர் போட்டு, அடுத்த பாடத்துக்குப் போகிறார். இரண்டு வாரத்தில் பத்தாம் வகுப்பின் 'இந்திய அரசியலமைப்பு', 'நடுவண் அரசு', 'மாநில அரசு', ஒன்பதாம் வகுப்பின் 'உள்ளாட்சி அமைப்புகள்' எல்லாம் முடிந்துவிட்டன. பக்கத்தைத் திறந்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதினால் மட்டும் மதிப்பெண் நகரவே இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலும் நான்கு யோசனைகள் வரும். 3 மணி நேரத்தை 5 மணி நேரமாக்கலாம். புத்தகத்தை, அல்லது பாடம் கேட்கும் சேனலை மாற்றலாம். வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்க்கலாம். வாசிக்கும் முறையை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய பாடத்துக்குத் திரும்பி வர நாள் குறிக்கலாம். நான்கும் வெவ்வேறு கோளாறுக்கான மருந்து. எந்தக் கோளாறு என்று பார்க்காமல் எடுத்தால், அடுத்த இரண்டு வாரமும் அப்படியே போகும்.

பார்ப்பதற்கு 40 கேள்விகள் போதும். 15ஆம் நாளில் உட்கார வேண்டும். 1 முதல் 4ஆம் நாள் வரை படித்ததிலிருந்து 20 கேள்விகள், 11 முதல் 13ஆம் நாள் வரை படித்ததிலிருந்து 20. முந்தைய நாள் படித்ததைச் சேர்க்க வேண்டாம். அது இன்னும் சூடாக இருக்கும், பொய் சொல்லும். கேள்விகளைப் பழைய வினாத்தாள்களிலிருந்து எடுப்பது நல்லது. நாமே தயாரித்தால், ஹைலைட் பண்ணிய வரியைத்தான் கேள்வியாக்குவோம்.

டெஸ்ட்டை இரண்டு சுற்றாக எழுத வேண்டும். முதல் சுற்றில் விடைத் தெரிவுகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு, பதிலை எழுத வேண்டும். தெரியாவிட்டால் காலியாக விடலாம். இரண்டாம் சுற்றில் அதே கேள்விகளுக்குத் தெரிவுகளைப் பார்த்து, ஒன்றையும் விடாமல் குறிக்க வேண்டும். நம்முடைய தேர்வருக்கு வந்த கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

| | தெரிவு இல்லாமல் | தெரிவுகளுடன் |
|---|---|---|
| புதிய பாடம் (20) | 14 | 16 |
| பழைய பாடம் (20) | 5 | 10 |

பழைய பாடத்தில் 10 வந்திருக்கிறதே, பாதி தெரியுமே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்று. 5 கேள்விக்கு உண்மையிலேயே விடை தெரியும். மீதி 15-ல் கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறித்தாலும் சராசரியாக 3 அல்லது 4 சரியாகிவிடும். ஆக 10 என்பது பெரும்பாலும் 5 தெரிந்தது, மீதி அதிர்ஷ்டம். மாதிரித் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. அதனால்தான் தெரிவை மறைத்து எழுதச் சொல்வது.

இனி அட்டவணையை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். புதிய பாடத்தில் 14 என்பது நல்ல எண். வாசித்தது புரிந்திருக்கிறது, சில நாள் தங்கவும் செய்கிறது. எனவே புத்தகத்தை மாற்றுவது வீண். புதுப் புத்தகத்தில் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில் இன்னும் ஒரு வாரம் போகும். நேரத்தைக் கூட்டினாலும் இதே கதைதான். கூடுதல் 2 மணி நேரத்தில் இன்னும் பல பாடங்கள் 14-க்கு ஏறும், பத்து நாளில் 5-க்கு இறங்கும். ஓட்டைக் குடத்தில் வேகமாக ஊற்றுகிற வேலை. இவருக்கு வேண்டியது நான்காவது வழி, அதாவது திரும்பி வருவதற்கான நாட்காட்டி.

இதே டெஸ்ட்டில் புதிய பாடத்திலும் 6, பழையதிலும் 5 என்று வந்திருந்தால் தீர்ப்பு வேறு. மறந்துபோகவில்லை, முதலிலேயே ஏறவில்லை. அப்போது புத்தகமா, வாசிக்கும் விதமா என்பதைப் பத்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். ஒரே ஒரு பக்கம் வாசித்து, மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கே முடியவில்லை, 'நீதிப்புனராய்வு' போன்ற சொல்லிலேயே தடுக்கி நிற்கிறது என்றால் புரிதல்தான் பிரச்சினை. எளிய விளக்கம் தருகிற வேறு புத்தகமோ ஆசிரியரோ வேண்டும். ஒரு பக்கத்துக்கு முடிகிறது, முழுப் பாடத்துக்கு முடியவில்லை என்றால் புத்தகம் சரி. மூன்றாவது வழியான, மூடிவைத்து எழுதும் முறைக்கு மாற வேண்டும். ஒவ்வொரு மூன்று பக்கத்துக்கும் ஒரு தடவை மூடி எழுதினால் போதும்.

நேரத்தைக் கூட்டுவது எப்போது சரி? புதியது, பழையது இரண்டிலும் நல்ல எண் வந்து, பாடத்திட்டத்தில் பாதி மட்டும் தொடப்படாமல் கிடந்தால். முறை வேலை செய்கிறது, அளவுதான் போதவில்லை. மற்றபடி முதலில் கை வைக்கக் கூடாத இடம் அதுதான். பலரும் முதலில் கை வைப்பதும் அங்கேதான், ஏனென்றால் அதில் உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

இனி நாட்காட்டி. 180 நிமிடத்தில் 40 நிமிடத்தைப் பழைய பாடத்துக்கு ஒதுக்க வேண்டும், அதுவும் உட்கார்ந்ததும் முதல் வேலையாக. கடைசிக்கு வைத்தால் நடக்காது. ஒரு பாடம் படித்த மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை அதற்குத் திரும்ப வேண்டும். திரும்புவது என்றால் மறுவாசிப்பு அல்ல. முழுப் பாடத்தையும் மறுபடி வாசிக்க முக்கால் மணி நேரமாவது போகும். ஒரு பாடத்துக்கு 12 கேள்வி எழுதிவைத்து, புத்தகத்தை மூடி விடை எழுத 12 நிமிடம் போதும். ஒரு நாளில் மூன்று பாடம் முறைக்கு வந்தாலும் 40 நிமிடத்துக்குள் அடங்கும்.

நேரத்துக்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்களையும், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்புக்காரர்களே முன்னே: 81 சதவீதம், எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது. வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. படித்து முடித்தவுடன் வரும் 'தெரியும்' என்ற நினைப்பை நம்பக் கூடாது என்பதற்கும், மூன்றாம் நாளே முறையை எடைபோடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். மறதி தன் வேலையைக் காட்ட நாள் வேண்டும்.

கேள்வி எழுதுவதில்தான் இந்த முறை அதிகம் கெட்டுப்போகிறது. புத்தக வரியை அப்படியே எடுத்துக் கோடிட்ட இடமாக்கினால், விடையை அல்ல, வரியின் ஓசையைத்தான் மனப்பாடம் செய்வோம். கேள்வி இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும். '356ஆவது பிரிவு எதைப் பற்றியது?' என்று ஒரு நாள், 'நிதி நெருக்கடி எந்தப் பிரிவு?' என்று இன்னொரு நாள். குழம்பக்கூடியதை ஒரே கேள்வியில் சேர்த்து வைக்க வேண்டும்: பல்வந்த்ராய் மேத்தா குழு 1957, மூன்றடுக்கு, அசோக் மேத்தா குழு 1977, இரண்டடுக்கு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் எளிதாகச் சொல்லிவிடுவோம். பொருத்துக வகைக் கேள்வியில் பக்கத்துப் பக்கத்தில் வரும்போதுதான் கை தடுமாறும்.

இன்னொரு சிக்கல், சேர்ந்து கிடக்கும் பாக்கி. 15ஆம் நாளில் நாட்காட்டியைத் தொடங்கினால், பழைய பாடம் எல்லாம் ஒரே நேரத்தில் முறைக்கு வந்து நிற்கும். மிரண்டுபோய் முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அதோடு திட்டம் முடிந்தது. அப்படிச் செய்ய வேண்டாம். பாக்கியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பாடம் மட்டும். முதலில் கேள்விகளை எழுதிப் பார்த்து, தவறிய விடை இருக்கும் பத்தியை மட்டும் புத்தகத்தில் திறந்தால் போதும்.

இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. புதுப் பாடத்துக்கு 180-க்குப் பதில் 140 நிமிடம்தான் கிடைக்கும். ஒன்பது நாளில் முடிந்தது சுமார் பதினொன்றரை நாள் இழுக்கும். கூடப் படிக்கும் நண்பர் நான்கு பாடம் முன்னே போய்விடுவார். முதல் வாரம் பழைய கேள்விகளில் பாதிக்கு மேல் காலியாக நிற்பதும் எரிச்சலூட்டும். அந்த எரிச்சலை முறையின் தோல்வி என்று எடுத்துக்கொண்டு ஹைலைட்டருக்குத் திரும்புகிறவர்கள் அதிகம்.

கணக்குப் பகுதிக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே கொண்டுபோகக் கூடாது. குரூப் 4-ல் 200 கேள்விக்கு 25 கேள்வி திறனறிவு. அங்கே வழக்கமான புகார், 'பயிற்சியில் எல்லாம் வருகிறது, தேர்வில் வரவில்லை' என்பது. தனிவட்டிக் கணக்கு இருபதைத் தொடர்ந்து போட்டால், மூன்றாவது கணக்கிலிருந்து எந்தச் சூத்திரம் என்று யோசிக்க வேண்டிய வேலையே இல்லை. தேர்வில் அந்த யோசனைதான் பாதிக் கணக்கு. தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும், மீ.சி.ம. ஆகியவற்றைக் கலந்து, தலைப்பை மறைத்துப் போட வேண்டும். முதலில் தவறுகள் கூடும்.

29ஆம் நாளில் அதே 40 கேள்வி அமைப்பில் மறுபடி டெஸ்ட். பாடங்கள் அதேபோலப் பழையது, புதியது என்று இருக்கட்டும்; கேள்விகள் மட்டும் வேறாக இருக்க வேண்டும். இடைப்பட்ட இரண்டு வாரத்தில் புத்தகம், நேரம், படிக்கும் இடம் எதையும் மாற்றியிருக்கக் கூடாது, இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. பழைய பாடத்தின் தெரிவில்லாத எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 5 என்பது 6, 7 ஆனால் அது கேள்வித்தாளின் அதிர்ஷ்டமாக இருக்கலாம், கணக்கில் கொள்ள வேண்டாம். 10-ஐத் தாண்டினால் நாட்காட்டி பிடித்துவிட்டது. 5-லேயே நின்றால், அந்த 40 நிமிடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று நோட்டைப் புரட்ட வேண்டும். விடை எழுதிய தாள்கள் இல்லாமல் கேள்விகள் மட்டும் இருந்தால், மனசுக்குள் 'இது தெரியும்' என்று சொல்லிக்கொண்டே தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.