வேகமா, நாடித்துடிப்பா, பேச்சா: வாராந்திர மின்னஞ்சலில் ‘ஈஸி’யையும் ‘கடினம்’ என்பதையும் எப்படி எழுதுவது?

ஓட்டக் குழுவுக்கு வாரா வாரம் மின்னஞ்சல் எழுதும் பயிற்சியாளருக்கு எந்த நாளில் என்ன என்று முடிவு செய்வது பெரிய வேலை இல்லை. செவ்வாய் இன்டர்வல், புதன் ஈஸி, வியாழன் ஓய்வு, வெள்ளி டெம்போ, சனி குறைந்த தூரம் ஈஸி, ஞாயிறு நீண்ட ஓட்டம், திங்கள் ஓய்வு. இன்டர்வல் என்பது இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடுவது, டெம்போ என்பது நிறுத்தாமல் ஓரளவு கடினமான வேகத்தில் ஓடுவது. கடினமான இரண்டு நாட்களுக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி இருந்தால் போதும், பெரும்பாலான குழுக்களுக்கு இந்த வரிசை சரியாகவே இருக்கும். சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. ‘ஈஸி’ என்று எழுதினால் படிப்பவருக்கு அது எவ்வளவு மெதுவாகத் தெரிய வேண்டும்? ‘கடினம்’ என்றால் எவ்வளவு கடினம்?

இதை எழுத மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. புதன்கிழமைக்கான அதே ஒரு வரியை மூன்று விதமாகவும் எழுதிப் பார்ப்போம்.

“புதன்: 40 நிமிடம் ஈஸி, கிலோமீட்டருக்கு 6:00 முதல் 6:30 வரை.”

“புதன்: 40 நிமிடம் ஈஸி, உச்ச நாடித்துடிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.”

“புதன்: 40 நிமிடம் ஈஸி. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.”

முதல் வழி பார்க்கத் துல்லியமாக இருக்கிறது. உறுப்பினர்களுக்கும் அதுதான் பிடிக்கும், கையில் இருக்கும் வாட்ச் காட்டுவதும் அந்த எண்தானே. ஆனால் ஒரு குழுவில் எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் போகிறது. பத்து கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடுபவரையும் 70 நிமிடத்தில் ஓடுபவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாமவரின் போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடம். அவருக்கு 6:00 முதல் 6:30 வரை என்பது நல்ல ஈஸி ஓட்டம். இரண்டாமவரின் போட்டி வேகமே 7 நிமிடம். அவரிடம் ‘ஈஸியாக 6:30இல் ஓடுங்கள்’ என்று சொன்னால், அவர் போட்டியில் ஓடியதைவிட வேகமாக ஓடச் சொல்கிறோம். அவருக்கு ஈஸி என்பது 8 நிமிடத்துக்கும் மேல். இப்படிப்பட்டவர் பெரும்பாலும் வாய் திறந்து கேட்கவும் மாட்டார். குழுவின் கடைசியில் திணறிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை டெம்போவில் கால் எழும்பாமல் நின்றுவிடுவார்.

ஆளுக்கொரு அட்டவணை கொடுத்தால் இது தீரும்தான். சமீபத்திய போட்டி நேரம் கையில் இருந்தால் ஒவ்வொருவருக்கும் வேகம் கணக்கிடலாம். அப்போதும் வெயில், மேடு, முந்தின இரவின் தூக்கம் எதுவும் அந்த எண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்த காலையில் ஈஸியாக இருந்த 6:15, புழுக்கமான காலையில் ஈஸி இல்லை. வாட்சில் வேகம் குறைவதைப் பார்த்ததும் மனது அதை ஈடுகட்டத்தான் துடிக்கும், அது மனித இயல்பு.

இரண்டாவது வழியான நாடித்துடிப்பு, இந்தக் குறையைச் சரிசெய்யும் என்று தோன்றும். உடம்புக்கு உள்ளே நடப்பதை அளப்பதால் வெயிலும் களைப்பும் அதில் பதிவாகும் என்பது உண்மை. ஆனால் அது நிற்கும் அடித்தளத்தைப் பாருங்கள். உறுப்பினர்களில் மிகப் பலர் தங்கள் உச்ச நாடித்துடிப்பை ஒருபோதும் சோதித்தது இல்லை. வாட்ச் கணக்கிட்டதையோ, 220இலிருந்து வயதைக் கழித்ததையோ வைத்திருப்பார்கள். ஒரே வயதுக்காரர்களிடையே உண்மையான உச்சம் 10, 12 துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சாதாரணம். 45 வயதுக்காரருக்குச் சூத்திரம் 175 என்கிறது, அதில் 75 சதவீதம் 131. அவருடைய உண்மையான உச்சம் 188 என்று வைத்துக்கொண்டால், வரம்பு 141 ஆகியிருக்க வேண்டும். 131ஐத் தாண்டாமல் இருக்க அவர் பாதி தூரம் நடக்க வேண்டிவரும், ‘எனக்கு ஃபிட்னஸே இல்லை’ என்று தவறாக முடிவு கட்டுவார். உச்சம் 163 உள்ளவருக்கோ அதே 131 ஈஸி வரம்புக்கு மேல் போய்விடும். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு வழக்கமான அளவுக்கு ஏறாது, அவர்களுக்கு இந்த எண் முற்றிலும் பொருந்தாது.

இன்னொன்று, மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் வாட்சுகள் சில நேரம் துடிப்புக்குப் பதிலாகக் கால் தட்டும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது திடீரென 170ஐத் தொட்டு அசையாமல் நிற்கிறது, ஆனால் மூச்சு சாதாரணமாக இருக்கிறது என்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மார்புப் பட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடினமான நாளில் நாடித்துடிப்பு இன்னும் மோசமான வழிகாட்டி. மூன்று நிமிட இன்டர்வல் ஓடும்போது முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் துடிப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கும், உழைப்பைவிடப் பின்தங்கியே வரும். ‘90 சதவீதத்துக்குக் கொண்டு வாருங்கள்’ என்று மின்னஞ்சலில் எழுதினால், எண்ணைச் சீக்கிரம் எட்டிப்பிடிக்க முதல் 40 நொடிகளில் முழு வேகத்தில் பாய்வார்கள். மூன்றாவது சுற்றுக்குள் கால் கனத்துவிடும்.

மூன்றாவது வழி பேச்சு. கருவி எதுவும் வேண்டாம், எல்லோருக்கும் ஒரே வரி போதும். 50 நிமிடக்காரரும் 70 நிமிடக்காரரும் அதே வரியைப் படித்துவிட்டு வேறு வேறு வேகத்தில், ஆனால் ஒரே அளவு உழைப்பில் ஓடுவார்கள். வெயில் நாளில் தானாகவே மெதுவாகும். என் தேர்வு இதுதான், ஆனால் இதற்கும் ஓட்டைகள் உண்டு. குழுவாக ஓடும்போது யாராவது ஒருவர்தான் பேசிக்கொண்டு வருவார், பின்னால் வருபவர் ‘ம்’, ‘ஆமாம்’ என்று மட்டும் சொல்வார். அந்த ‘ம்’ சொல்பவருக்கு அது ஈஸி ஓட்டம் இல்லை. ஆகவே மின்னஞ்சலில் ‘பேச முடிய வேண்டும்’ என்று விட்டுவிடாமல், ‘பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீங்களே ஒரு நீண்ட வாக்கியம் சொல்லிப் பாருங்கள்’ என்று எழுதுவது நல்லது. தனியாக ஓடுபவர் தெரிந்த இரண்டு வரிகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம்.

கடினமான நாளுக்குப் பேச்சோடு 0 முதல் 10 வரையான உழைப்பு எண்ணையும் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோலிலிருந்து வந்த வழக்கம் இது. சும்மா உட்கார்ந்திருப்பது 0, இதற்கு மேல் முடியாது என்பது 10. டெம்போவுக்கு 5 அல்லது 6, நாலைந்து சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியாத நிலை. இன்டர்வலுக்கு 7 அல்லது 8, ஒரு சொல்தான் வரும். அத்துடன் எப்போதும் சேர்க்கும் ஒரு வரி: “கடைசிச் சுற்று முதல் சுற்றைவிட மெதுவாக இருந்தால், முதல் சுற்றில் கூடுதலாக உழைத்துவிட்டீர்கள்.” வாட்சில் வேகத்தைப் பார்க்க வேண்டிய ஒரே இடம் இதுதான். அதுவும் ஓடும்போது அல்ல, முடித்த பிறகு.

கடினமான நாளைத் தூரத்தில் எழுதுவதா, நேரத்தில் எழுதுவதா என்பதும் இதனோடு பிணைந்தது. ‘ஐந்து முறை 1 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் போட்டி வேகத்தில்’ என்று எழுதினால் 50 நிமிடக்காரருக்கு 25 நிமிடம் கடின உழைப்பு, 70 நிமிடக்காரருக்கு 35 நிமிடம். குழுவில் அனுபவம் குறைந்தவருக்குத்தான் அதிக சுமை போகிறது. ‘ஆறு முறை 3 நிமிடம், நடுவில் 2 நிமிடம் மெல்லோட்டம்’ என்று எழுதினால் இருவருக்கும் 18 நிமிடம். எல்லோரும் ஒரே விசிலுக்குத் தொடங்கி ஒரே விசிலுக்கு நிற்கவும் முடியும்.

ஓய்வு நாளுக்கு நீளமாக எழுதத் தேவையில்லை. ஓட்டம் இல்லை, நடக்கலாம், வேறு எந்தக் கடுமையான பயிற்சியையும் அங்கே கொண்டுவந்து நிரப்ப வேண்டாம். தவறவிட்ட பயிற்சியைப் பற்றி மட்டும் தெளிவாக எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் வாரம் உடைவது அங்கேதான். செவ்வாயைத் தவறவிட்டவர் அதைப் புதனுக்கு மாற்றலாம். வியாழன் ஓய்வு அப்படியே இருக்கும், வெள்ளி டெம்போவும் மாறாது, ஈஸி ஓட்டம் ஒன்று குறையும், அவ்வளவுதான். அதையே வியாழனில் நுழைத்தால் ஓய்வும் போய், இரண்டு கடின நாட்கள் அடுத்தடுத்து வந்துவிடும். ஆகவே வரி இப்படி: “செவ்வாய் வர முடியவில்லையா, புதன் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். புதனும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.”

எழுதியது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? அமெரிக்க உடற்பயிற்சி அறிவியலாளர் கார்ல் ஃபாஸ்டரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியாளர் ஈஸி என்று நினைத்த நாட்களில் வீரர்கள் அதைவிடக் கடுமையாகவும், கடினம் என்று நினைத்த நாட்களில் அதைவிடக் குறைவாகவும் உழைத்ததைப் பதிவு செய்தார்கள். சோதித்துப் பார்க்கும் வழியும் அவர் பரப்பியதுதான். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, மொத்தப் பயிற்சிக்கும் 0 முதல் 10 வரை ஓர் எண் கேளுங்கள், அதை நிமிடத்தால் பெருக்குங்கள்.

புதன்கிழமைக்கு நான் நினைத்தது 40 நிமிடம், உழைப்பு 3, அதாவது 120. ஓர் உறுப்பினரிடமிருந்து 6 என்று பதில் வந்தால் அது 240. செவ்வாய் இன்டர்வல் நாள் முழுவதும் சேர்த்து 50 நிமிடம், உழைப்பு 7, ஆக 350 என்று நினைத்தால், அவர் ஈஸி நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்கைச் செய்திருக்கிறார். குழுவில் ஒருவரிடமிருந்து மட்டும் 6 வந்தால் அவருக்குத் தூக்கமோ உடல்நலமோ குறைந்திருக்கலாம், தனியாகப் பேச வேண்டும். பாதிப் பேரிடமிருந்து 5, 6 என்று வந்தால் யாரோ ஒருவர் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார், அல்லது என் வரி தெளிவாக இல்லை. இரண்டிலும் வெள்ளிக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான். வியாழன் காலை ஒரு சிறு மின்னஞ்சல்: “புதனன்று 5 அல்லது அதற்கு மேல் எழுதியவர்கள் நாளைய டெம்போவை 20 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சனி ஈஸி ஓட்டத்தில் குழுவின் கடைசியில் ஓடுபவர்தான் வேகத்தை முடிவு செய்வார்.”